எண்ணெயில் ஊறும் பூண்டும் மூலிகைகளும்: அறை வெப்பத்தில் வைத்தால் பொட்டுலிசம் ஏன் வருகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எண்ணெய் ஊற்றி வைத்தால் எதுவும் கெடாது என்றுதானே சொல்வார்கள்? பூண்டு மட்டும் எப்படி விஷமாகும்?

எண்ணெயில் நீர் இல்லாததால் எந்த நுண்ணுயிரும் அதில் வளர முடியாது. எண்ணெய் கெடாது என்ற நம்பிக்கை இதிலிருந்துதான் வந்தது. எண்ணெயைப் பொறுத்தவரை அது சரியும்கூட. ஆனால் நாம் அதற்குள் இடும் பூண்டுப் பல்லின் எடையில் பாதிக்கு மேல் நீர்தான். புதிதாகப் பறித்த துளசி, ரோஸ்மேரி போன்ற இலைகளிலும் நீரே மிகுதி. எண்ணெய் அந்த நீரை வெளியேற்றுவதில்லை. அது பல்லைச் சுற்றி மூடிக்கொண்டு காற்றை மட்டும் தடுக்கிறது.

பொட்டுலிசம் என்பது தசைகளைத் தளரவைத்து மூச்சையே நிறுத்தக்கூடிய ஒரு நச்சு நோய். அதை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியா மண்ணில் எங்கும் இருப்பது. அது காற்றுள்ள இடத்தில் பெருகாது. பாதகமான சூழலில் ஸ்போர் எனப்படும், தடித்த உறை போர்த்திய உறங்கு நிலையில் கிடக்கும். மண்ணுக்குள் விளையும் பூண்டின் மேலும், மண்ணை ஒட்டி வளரும் இலைகளின் மேலும் இந்த ஸ்போர்கள் ஒட்டியிருப்பது இயல்பு. எவ்வளவு கழுவினாலும் அவை முழுவதும் போய்விடா. அவற்றை அப்படியே விழுங்கினால் உடல்நலமுள்ள பெரியவர்களுக்குப் பொதுவாக ஒன்றும் நேர்வதில்லை. ஸ்போர் விழித்து, பெருகி, உணவுக்குள்ளேயே நச்சைச் சுரந்த பிறகு அந்த உணவை உண்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

அது விழித்துப் பெருக நான்கு சூழல்கள் கூடிவர வேண்டும்: ஆக்சிஜன் இருக்கக் கூடாது, போதிய நீர் இருக்க வேண்டும், புளிப்பு குறைவாக இருக்க வேண்டும், குளிர்ச்சி இருக்கக் கூடாது. எண்ணெயில் மூழ்கிய பச்சைப் பூண்டு முதல் மூன்றையும் தானே தந்துவிடுகிறது. எண்ணெயில் கரைந்திருக்கும் சொற்ப ஆக்சிஜனையும் பூண்டின் திசுக்களும் அதன் மேலுள்ள மற்ற நுண்ணுயிர்களும் உறிஞ்சித் தீர்த்துவிடும். அமிலத்தன்மையைக் குறிக்கும் பி.எச். அளவு 4.6-க்கு மேல் இருந்தால் இந்தப் பாக்டீரியா வளரலாம், பூண்டின் பி.எச். ஏறத்தாழ 5.3 முதல் 6.3 வரை இருக்கிறது. மிச்சமிருப்பது வெப்பநிலை மட்டுமே. பாட்டிலை அலமாரியில் வைக்கும்போது அதையும் நாமே கொடுத்துவிடுகிறோம்.

தோலுரிக்காத பூண்டு கூடையில் மாதக்கணக்கில் கிடக்கிறது. அதற்கு வராத ஆபத்து எண்ணெயில் போட்டதும் எப்படி வருகிறது?

கூடையில் கிடக்கும் பூண்டைச் சுற்றிக் காற்று இருக்கிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் அந்தப் பாக்டீரியாவுக்கு நஞ்சு என்பதால் ஸ்போர் ஸ்போராகவே கிடந்துவிடும். அந்தப் பூண்டு கெட்டாலும் பூஞ்சை பிடித்தோ, காய்ந்து சுருங்கியோ, முளைவிட்டோ கெடும். அவையெல்லாம் கண்ணுக்குத் தெரிபவை. எண்ணெய்க்குள் போனதும் பூஞ்சைக்கு வேண்டிய காற்று இல்லாமற்போகிறது. வழக்கமாக நமக்கு எச்சரிக்கை தரும் கிருமிகள் அடங்கிவிட, எச்சரிக்கை தராத ஒன்றுக்கு இடம் காலியாகிறது. எண்ணெயில் போட்ட பூண்டு பார்வைக்கு அத்தனை புதிதாக இருப்பதும் இதே காரணத்தால்தான்.

பூண்டே கிருமிகளைக் கொல்லும் பொருள் ஆயிற்றே?

பூண்டை நசுக்கும்போது உண்டாகும் அல்லிசின் என்ற பொருளுக்குப் பல பாக்டீரியாக்களைத் தடுக்கும் ஆற்றல் உண்டு என்பது உண்மைதான். ஆனால் அது நிலையற்றது. விரைவில் வேறு கந்தகச் சேர்மங்களாகச் சிதைந்துவிடும். உறை போர்த்திய ஸ்போர்களை அதை நம்பி அழித்துவிட முடியாது. கீழே சொல்லப்போகும் கனடா நிகழ்வில் பொடியாக நறுக்கிய பூண்டுதான் நச்சின் இருப்பிடமாக இருந்தது என்பதைவிட இதற்கு வேறு சான்று தேவையில்லை.

நான் பச்சையாகப் போடுவதில்லை. எண்ணெயை நன்றாகச் சுடவைத்து, பூண்டு மிருதுவாக வேகும்வரை வைத்திருந்துதான் பாட்டிலில் அடைக்கிறேன். பிறகும் பயப்பட வேண்டுமா?

ஆம். என் கருத்தில் இந்தக் கேள்விக்குள்தான் மிகப் பெரிய தவறான நம்பிக்கை ஒளிந்திருக்கிறது.

ஸ்போர்கள் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் நீரிலும் பல மணி நேரம் பிழைத்திருக்கக் கூடியவை. அவற்றை நம்பகமாக அழிக்க 121 டிகிரி வெப்பத்தில் சுமார் 3 நிமிடம் தேவை என்பது புளிப்பில்லாத உணவுகளை டப்பாவில் அடைக்கும் தொழிலின் அடிப்படைக் கணக்கு. அந்த வெப்பமும் பாத்திரத்தின் ஓரத்திலோ எண்ணெயிலோ இருந்தால் போதாது. உணவின் நடுப்பகுதியில் இருக்க வேண்டும்.

எண்ணெயை 130 அல்லது 150 டிகிரிக்குச் சூடாக்க முடியுமே என்று உடனே கேட்கத் தோன்றும். எண்ணெயில் தெர்மாமீட்டரை வைத்தால் அந்த அளவைக் காட்டத்தான் செய்யும். ஆனால் எண்ணெயில் போட்ட பல்லிலிருந்து சிறு குமிழிகள் எழுந்துகொண்டே இருப்பதைக் கவனியுங்கள். அவை பூண்டிலிருந்து வெளியேறும் நீராவி. அந்தக் குமிழிகள் வரும்வரை பல்லின் உள்ளே நீர் இருக்கிறது என்று பொருள். நீர் இருக்கும்வரை உள்ளே வெப்பம் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். அதைத் தாண்ட வேண்டுமானால் பல் முழுவதும் வறண்டு மொறுமொறுப்பாக வேண்டும். மிருதுவாக, வெண்ணெய் போல் மசியும் பதத்தில் இறக்கினால் உள்ளே நீரும் இருக்கிறது, ஸ்போரும் இருக்கிறது. மிகக் குறைந்த தீயில் மணிக்கணக்கில் வேகவைக்கும் முறையில் எண்ணெயே 100 டிகிரியைத் தொடுவதில்லை.

இப்படி வேகவைப்பதால் பாதுகாப்பு கூடுவதில்லை என்பதோடு, ஒரு வகையில் நிலைமை மோசமாகவும் ஆகிறது. போட்டியிட்டு வளரக்கூடிய மற்ற பாக்டீரியாக்கள் எல்லாம் அந்தச் சூட்டில் மடிந்துவிடும். கரைந்திருந்த ஆக்சிஜனும் வெளியேறிவிடும். மிதமான சூடு உறங்கும் ஸ்போர்களை முளைக்கத் தூண்டவும் செய்யும். சூடு ஆறி அறை வெப்பத்துக்கு வந்ததும் அந்தப் பாட்டில், முதல் மழைக்குப் பின் களையெடுத்த நிலம் விதைக்கு இருப்பதுபோல, தயாராக இருக்கிறது.

இப்படி உண்மையிலேயே யாருக்காவது நேர்ந்திருக்கிறதா, அல்லது ஆய்வகத்தில் மட்டும் சொல்லும் எச்சரிக்கையா?

1985-இல் கனடாவின் வான்கூவர் நகரில் நேர்ந்தது. அதுவரை எண்ணெயில் போட்ட பூண்டைப் பொட்டுலிசத்தோடு யாரும் சேர்த்து நினைத்ததில்லை என்பதால், அது வெளிப்பட்ட விதத்தைச் சற்று விரிவாகச் சொல்வது பயன்தரும்.

முதலில் அடையாளம் காணப்பட்டவர்கள் வான்கூவரில் அல்ல, நாட்டின் மறுகோடியில் உள்ள மாண்ட்ரியாலில் இருந்தார்கள். பதின்ம வயதுச் சகோதரிகள் இருவருக்குப் பொட்டுலிசம் என்று மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். அவர்கள் எங்கெங்கு என்னென்ன சாப்பிட்டார்கள் என்று பின்னோக்கி விசாரித்தபோது, தடம் வான்கூவரில் உள்ள ஓர் உணவகத்தில் போய் நின்றது. அங்கே அதற்கு முந்தைய ஆறு வாரங்களில் சாப்பிட்டவர்களைத் தேடியதும், அதுவரை எவரும் கண்டறியாத 36 நோயாளிகள் வெளிவந்தார்கள். அவர்கள் மூன்று நாடுகளில், குறைந்தது எட்டு மாகாணங்களிலும் மாநிலங்களிலுமாகச் சிதறியிருந்தார்கள்.

அத்தனை பேர் எப்படித் தப்பிப்போனார்கள்? நோய் பலருக்கு மெதுவாகவும் மிதமாகவும் ஏறியது. ஒவ்வொருவரும் வெவ்வேறு ஊரில் வெவ்வேறு மருத்துவரிடம் தனியாகப் போனார்கள். ஆறு பேருக்கு மயஸ்தீனியா கிரேவிஸ் என்ற தசைத் தளர்ச்சி நோய் என்றும், நான்கு பேருக்கு மனநலக் கோளாறு என்றும், மூன்று பேருக்குப் பக்கவாதம் என்றும் முடிவு செய்யப்பட்டிருந்தது. கண்ணிமை தானாகத் தொங்குகிறது, விழுங்க முடியவில்லை என்று சொன்னவரை மனநல நோயாளியாகக் கருதியிருக்கிறார்கள் என்பதிலிருந்து, இந்த நோய் மருத்துவர்களின் நினைவிலிருந்து எவ்வளவு விலகியிருந்தது என்பதை உணரலாம்.

நோயுற்றவர்களும் உறாதவர்களும் உண்டவற்றை ஒப்பிட்டபோது காரணமாகச் சுட்டப்பட்டது, சோயா எண்ணெயில் போட்டுக் கடையில் விற்கப்பட்ட நறுக்கிய பூண்டு. அதில் அமிலமோ கிருமித் தடுப்பானோ சேர்க்கப்படவில்லை. குளிர்பெட்டியில் வைக்க வேண்டும் என்று சீட்டில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்தும், அது வெளியே வைத்துப் பயன்படுத்தப்பட்டது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1989-இல், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள கிங்ஸ்டனில் மூன்று பேர் அதே வகைப் பொருளால் நோயுற்றார்கள். அவர்கள் சாப்பிட்டது பூண்டு தடவிய ரொட்டி. அந்தப் பூண்டும் எண்ணெயில் போட்டது, தடுப்பான் சேராதது, குளிரூட்டப்படாமல் இருந்தது. அதன் பிறகே, குளிர்ச்சியை மட்டும் நம்பி இப்படிப்பட்ட பூண்டை விற்கக் கூடாது, அமிலமோ நுண்ணுயிர்த் தடுப்பானோ சேர்த்தே ஆக வேண்டும் என்று அந்நாட்டின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் உற்பத்தியாளர்களைக் கட்டாயப்படுத்தியது. சீட்டில் எழுதியதை எல்லோரும் படிப்பார்கள் என்று நம்பியிருப்பது பாதுகாப்பு ஆகாது என்ற முடிவு அது. நான் அதை முழுதும் ஒப்புக்கொள்கிறேன்.

முகர்ந்து பார்த்தோ ஒரு துளி சுவைத்தோ கெட்டுவிட்டதா என்று தெரிந்துகொள்ள முடியாதா?

முடியாது; சுவைத்துப் பார்ப்பது ஆபத்தும்கூட. இந்த நச்சுக்கு நிறமோ மணமோ சுவையோ இல்லை. பாக்டீரியா பெருகும்போது சில வேளைகளில் வாயுவும் துர்நாற்றமும் உண்டாகலாம் என்றாலும், பூண்டின் சொந்த மணமே அதை மூடிவிடும் அளவுக்குக் காரமானது. ஆய்வாளர்கள் ஸ்போர்களைச் சேர்த்து வைத்துச் சோதித்தபோது, பார்வைக்கும் முகர்வதற்கும் குறையில்லாத நறுக்கிய பூண்டிலேயே நச்சு உண்டாகியிருந்தது.

மூடியைத் திறக்கையில் சீறினாலோ, எண்ணெய்க்குள் குமிழிகள் ஏறினாலோ, மூடி உப்பியிருந்தாலோ அதைத் தொடாமல் எறிந்துவிட வேண்டும் என்பது சரி. அந்த அறிகுறிகள் இல்லை என்பதால் பாட்டில் நல்லது என்று முடிவு செய்வதுதான் தவறு. இதற்கு மாறாக, ஆலிவ் எண்ணெய் குளிர்பெட்டியில் வெண்மையாகக் கலங்கி உறைவதைப் பார்த்து அஞ்சுபவர்கள் பலர் உண்டு. அது கொழுப்பு உறைவது மட்டுமே. வெளியே எடுத்தால் தெளிந்துவிடும்.

சாப்பிடுவதற்கு முன் மறுபடி கொதிக்க வைத்துவிட்டால்?

ஸ்போரைப் போலன்றி, நச்சு வெப்பத்துக்குத் தாங்காது. உணவு முழுவதும் 85 டிகிரியில் 5 நிமிடத்துக்கு மேல் இருந்தால் அது செயலிழந்துவிடும். ஆனால் சந்தேகத்துக்கிடமான பாட்டிலைக் காப்பாற்ற இதைப் பயன்படுத்தக் கூடாது. பூண்டு எண்ணெயைப் பெரும்பாலும் சூடாக்காமலே உணவின் மேல் ஊற்றுகிறோம் அல்லது ரொட்டியில் தடவிச் சற்றே வாட்டுகிறோம். கிங்ஸ்டனில் பூண்டு தடவியது ரொட்டியில்தான் என்பதை நினைவில் கொள்ளுங்கள். கரண்டியிலும் மூடியிலும் ஒட்டியது சூடாவதே இல்லை.

அப்படியானால் உப்பு நிறையப் போடுகிறேன், எலுமிச்சையும் பிழிகிறேன். போதுமா?

இரண்டும் கொள்கையளவில் சரியான தடைகள். செய்யும் விதத்தில்தான் தவறுகிறோம். உப்பு எண்ணெயில் கரைவதில்லை. எண்ணெயில் தூவிய உப்பு பாட்டிலின் அடியில் படிந்து கிடக்கும். இந்த நுண்ணுயிரின் வலுவான வகையைத் தடுக்கப் பூண்டுக்குள் இருக்கும் நீரில் சுமார் 10 விழுக்காடு உப்பு ஏற வேண்டும்; ருசிக்காகப் போடும் உப்பு அந்த அளவை எட்டாது.

எலுமிச்சைச் சாறும் வினிகரும் நீர் சார்ந்தவை. எண்ணெயில் ஊற்றினால் தனித் துளிகளாகப் பிரிந்து அடியில் இறங்கும். மேலே மிதக்கும் ஒரு பல்லின் உட்புறத்தை அவை எட்டுவதே இல்லை. அமிலம் பூண்டுக்குள் ஊறி, அதன் நடுப்பகுதியின் பி.எச். அளவை 4.6-க்குக் கீழே, பிழைக்கு இடம் விட்டு 4.2 அளவுக்கு இறக்க வேண்டும். அதற்கு எண்ணெய் ஊற்றுவதற்கு முன்பே, தனியாக, நீண்ட நேரம் அமிலத்தில் ஊறவைப்பதுதான் வழி.

அப்படி ஊறவைக்கும் முறையை அளவோடு சொல்ல முடியுமா?

அமெரிக்காவின் ஐடஹோ பல்கலைக்கழகத்தினர் வீட்டில் செய்வதற்கென்றே சோதித்து, 2014-இல் வெளியிட்ட முறை ஒன்று இருக்கிறது. அதில் பயன்படுவது 3 விழுக்காடு சிட்ரிக் அமிலக் கரைசல். சமையலுக்கு விற்கும் சிட்ரிக் அமிலத் தூள் போதும்.

100 கிராம் பூண்டை எடுத்துக்கொள்வோம். தோலுரித்து, எந்தத் துண்டும் 6 மில்லிமீட்டருக்கு மேல் போகாதபடி நறுக்க வேண்டும். பூண்டு ஒரு பங்குக்குக் கரைசல் மூன்று பங்கு என்பது கணக்கு. ஆகவே 300 கிராம் கரைசல் வேண்டும். 9 கிராம் தூளை 291 கிராம் நீரில் கரைத்தால் அது கிடைத்துவிடும். கண்ணளவாகப் போடாமல் சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுவது அவசியம். நறுக்கிய பூண்டைக் கரைசலில் இட்டு, மிதக்கும் துண்டுகளை அவ்வப்போது கிளறியோ மேலே பாரம் வைத்தோ அமிழ்த்தி, முழுதாக 24 மணி நேரம் விட வேண்டும். பின் நன்றாக வடித்து, பூண்டு ஒரு பங்குக்கு எண்ணெய் பத்துப் பங்கு என்ற அளவில் எண்ணெயில் சேர்க்கலாம். இப்படிச் செய்ததை அறை வெப்பத்தில் வைத்து மணம் இறங்க விடலாம்.

இலைகளுக்கு அளவு வேறு. ஒரு பங்கு இலைக்குப் பத்துப் பங்கு கரைசல், அதே 24 மணி நேரம். துளசி வகையைச் சேர்ந்த பேசில், ஆரிகானோ, ரோஸ்மேரி ஆகியவற்றுக்கே இது சோதிக்கப்பட்டது. எல்லா மூலிகைக்கும் எல்லாக் காய்க்கும் இதே கணக்கைப் போட்டுவிடக் கூடாது. மிளகாயோ காளானோ அமிலத்தை உறிஞ்சும் வேகம் வேறு.

இதில் மக்கள் வழக்கமாகச் செய்யும் மாற்றங்கள் மூன்று. நேரமில்லை என்று சில மணி நேரத்தில் வடித்துவிடுவார்கள். முழுப் பல்லாகவே போடுவார்கள். சிட்ரிக் அமிலத்துக்குப் பதில் எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஊற்றுவார்கள். முதல் இரண்டிலும் அமிலம் நடுவரை போய்ச் சேராது. மூன்றாவதில் சாற்றின் புளிப்பு பழத்துக்குப் பழம் மாறும். அந்த மாற்று சோதிக்கப்படவும் இல்லை. மாற்றித்தான் செய்வேன் என்பவர்கள் பாட்டிலை வெளியே வைக்கும் எண்ணத்தை விட்டுவிட வேண்டும்.

குளிர்பெட்டியில் வைத்தால் எத்தனை நாள் தாங்கும்?

4 டிகிரி அல்லது அதற்குக் கீழே வைத்து 4 நாட்களுக்குள் தீர்த்துவிட வேண்டும் என்பதே பொதுவாகத் தரப்படும் எல்லை. குளிரில் எல்லாம் நின்றுவிடுமே, ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்கலாம். மண்ணிலும் காய்கறிகளிலும் பரவலாகக் காணப்படும், வெப்பத்துக்கு மிகவும் தாங்கும் வகை 10 டிகிரிக்குக் கீழே வளராது என்பது சரிதான். ஆனால் இதே நுண்ணுயிரின் இன்னொரு வகை 3 டிகிரியிலும் மெல்ல வளரக்கூடியது. அதோடு, அடிக்கடி திறந்து மூடும் குளிர்பெட்டியின் கதவு அடுக்கில் உண்மையில் எத்தனை டிகிரி இருக்கிறது என்று அளந்து பார்ப்பவர்கள் குறைவு; 8, 10 என்று காட்டினால் வியப்பில்லை. பாட்டிலைக் கதவில் வைக்காமல் உள் அடுக்கில் பின்புறமாக வைப்பது நல்லது. சமைக்கும்போது வெளியே எடுத்து அடுப்பருகே மறந்துவிடும் நேரமும் கணக்கில் சேரும்.

நீண்ட நாள் வேண்டுமானால் உறைய வைப்பதே எளிய வழி. பூண்டை எண்ணெயோடு அரைத்து, ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்தால் வேண்டிய கட்டியை மட்டும் எடுத்து நேரே வாணலியில் போடலாம். உறைநிலையில் பாக்டீரியா வளராது, ஆனால் ஸ்போர் சாகவும் சாகாது. உருகிய கட்டியை வெளியே விட்டால் ஆபத்து விட்ட இடத்திலிருந்து தொடரும்.

பூண்டை வடிகட்டி எடுத்துவிட்டு எண்ணெயை மட்டும் வைத்துக்கொண்டால் சரிதானே?

ஆபத்து குறையும், தீராது. வடித்த எண்ணெயை ஒரு நாள் அசையாமல் வைத்துவிட்டு, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து அடியைப் பாருங்கள். மெல்லிய கலங்கல் படலம் ஒன்று தெரியலாம். அது பூண்டுச் சாறும், துணியில் நிற்காத நுண்துகள்களும். எண்ணெயைவிட நீர் கனமானது என்பதால் அங்கே போய்த் தேங்குகிறது. நுண்ணுயிருக்கு அவ்வளவு ஈரம் போதும். ஆகவே வடித்த எண்ணெய்க்கும் குளிர்பெட்டி, 4 நாள் என்ற விதியையே நான் சொல்வேன்.

காய்ந்த மூலிகையையும் காய்ந்த பூண்டையும் போட்டால்?

முழுவதும் காய்ந்தது என்றால் நிலைமை வேறு. ஸ்போர் அதிலும் இருக்கும், ஆனால் முளைக்கத் தேவையான நீர் இல்லை. விரலால் கசக்கினால் நொறுங்கித் தூளாகும் இலை அந்த நிலையில் இருக்கிறது. வளைந்து கொடுப்பது இன்னும் ஈரமாக இருக்கிறது. வீட்டில் நிழலில் உலர்த்தியவற்றில் தண்டுப் பகுதி பெரும்பாலும் வளையும். பாட்டிலும் கரண்டியும் சொட்டு ஈரமில்லாமல் உலர்ந்திருக்க வேண்டும். காய்ந்த மூலிகையோடு அழகுக்காக ஒரு பச்சைக் கிளையைச் செருகினால் இந்த நன்மை முழுதும் போய்விடும்.

கடையில் பூண்டு எண்ணெய் குளிர்பெட்டிக்கு வெளியே, அடுக்கில்தானே வைத்து விற்கிறார்கள்?

அவற்றில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் பூண்டே இருக்காது. பூண்டின் மணப்பொருள் மட்டும் எண்ணெயில் கரைக்கப்பட்டிருக்கும். நீரோ திசுவோ இல்லாததால் வளர இடமில்லை. மற்றொன்றில் பூண்டுத் துண்டுகள் இருக்கும், ஆனால் சிட்ரிக் அல்லது பாஸ்பாரிக் அமிலம் சேர்த்துப் பி.எச். அளவைக் கட்டுக்குள் இறக்கியிருப்பார்கள். சேர்மானப் பட்டியலில் அமிலத்தின் பெயர் இருக்கும். அந்தப் பாட்டிலில் பூண்டு தீர்ந்ததும் அதே எண்ணெயில் வீட்டுப் பூண்டை நறுக்கிப் போட்டு நிரப்புபவர்கள் உண்டு. புதிய துண்டுகளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

பத்து நாளாக வெளியே இருந்த பூண்டு எண்ணெயை நேற்று சாப்பிட்டுவிட்டேன். இப்போது ஒன்றும் தெரியவில்லை. என்ன செய்வது?

அப்படிப்பட்ட ஒவ்வொரு பாட்டிலிலும் நச்சு இருப்பதில்லை. பெரும்பாலானவர்களுக்கு எதுவும் நேராது. ஆயினும் அறிகுறிகள் வழக்கமாக 12 முதல் 36 மணி நேரத்தில் தொடங்கும், சிலருக்குப் பல நாட்கள் கழித்தும் வரலாம் என்பதால் கவனமாக இருக்க வேண்டும்.

இந்த நச்சு, நரம்பு தசைக்குக் கட்டளை அனுப்பப் பயன்படும் அசிட்டைல்கோலின் என்ற பொருளை வெளிவிடாமல் தடுக்கிறது. அதனால் தசைகள் ஒவ்வொன்றாகத் தளர்கின்றன, அதுவும் மேலிருந்து கீழாக. முதலில் பார்வை மங்கும் அல்லது ஒன்று இரண்டாகத் தெரியும், இமைகள் தொங்கும், வாய் வறளும், பேச்சு குழறும், விழுங்குவது கடினமாகும். பிறகு கழுத்து, கை, மூச்சுத் தசைகள் என்று இறங்கும். காய்ச்சல் பொதுவாக இராது, அறிவும் தெளிவாகவே இருக்கும். வாந்தியோ வயிற்றுக் கோளாறோ முன்னால் வரலாம், வராமலும் போகலாம்.

இவற்றில் ஒன்று தென்பட்டாலும் விடியட்டும் என்று காத்திராமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். எண்ணெயில் போட்ட பூண்டைச் சாப்பிட்டதையும், அது எத்தனை நாள் வெளியே இருந்தது என்பதையும் நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். வான்கூவர் நோயாளிகளின் மருத்துவர்களுக்குக் கிடைக்காத துப்பு அதுதான். நச்சு முறிமருந்து இரத்தத்தில் சுற்றும் நச்சை மட்டுமே செயலிழக்கச் செய்யும். நரம்பு முனையில் ஏற்கெனவே ஒட்டியதை அகற்றாது. அதனால்தான் அதை எவ்வளவு விரைவில் செலுத்துகிறார்களோ அவ்வளவு நல்லது. மூச்சுத் தசைகள் தளர்ந்துவிட்டால் அவை மீளும்வரை, சில வேளை வாரக்கணக்கில், செயற்கைச் சுவாசம் தேவைப்படும். அதே உணவை உண்ட மற்றவர்களுக்கும் உடனே தகவல் சொல்லிவிடுங்கள்.

மீதமுள்ள பாட்டிலை என்ன செய்வது?

உங்களுக்கோ உடன் உண்டவருக்கோ அறிகுறி இருந்தால் எறியாதீர்கள். மூடி, பையில் கட்டி, சுகாதாரத் துறையினர் சோதிக்கக் கேட்கலாம் என்பதால் குளிர்பெட்டியில் தனியாக வையுங்கள். யாருக்கும் எதுவும் இல்லையென்றால், திறக்காமல், கழுவும் தொட்டியில் ஊற்றாமல், பாட்டிலோடு இரண்டு பைகளில் கட்டி, குழந்தைகளும் வளர்ப்பு விலங்குகளும் எட்டாதபடி குப்பையில் சேர்த்துவிடுங்கள். சிந்தியிருந்தால் கையுறை அணிந்து, குளோரின் கலந்த வெளுப்புக் கரைசலை அந்த இடத்தில் ஊற்றிச் சற்று நேரம் ஊறவிட்டுத் துடைத்து, துடைத்த துணியையும் பாட்டிலோடு எறிந்துவிட வேண்டும்.